சும்மா சுற்றும் கதவுக் கைப்பிடி: சதுரக் கம்பியையும் செட் ஸ்க்ரூவையும் சரிசெய்யும் முறை

கைப்பிடியை அழுத்துகிறோம். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கீழே போகிறது, அல்லது முழு வட்டமாகவே சுற்றுகிறது. கதவின் ஓரத்தில் இருக்கும் நாக்கு மட்டும் அசையவில்லை. பல நேரம் மறுபக்கக் கைப்பிடி நன்றாகவே வேலை செய்யும். படுக்கையறைக் கதவுகளில் இது அடிக்கடி வரும் பழுது. ஆளைக் கூப்பிட்டால் "பூட்டையே மாத்தணும்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது.

இங்கே எடுத்துக்கொள்வது மார்டைஸ் பூட்டு. கதவின் தடிமனுக்குள் பெட்டி போலப் பதிந்திருக்கும். இரண்டு பக்கமும் நீளத் தகட்டில் ஒரு கைப்பிடி, அதன் கீழே சாவித் துளை. குளியலறைகளில் வரும், நடுவில் பொத்தான் வைத்த உருண்டைக் குமிழ்ப் பூட்டின் உள்ளமைப்பு வேறு; கீழே சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

கைப்பிடி நாக்கை இழுப்பது எப்படி

இந்த அமைப்பில் நாம் கவனிக்க வேண்டிய பாகங்கள் நான்கு. பூட்டுப் பெட்டிக்குள் சதுரத் துளையுடன் ஒரு சுழலும் பாகம் இருக்கிறது. அது திரும்பும்போதுதான் நாக்கு உள்ளே போகும். அந்தச் சதுரத் துளையின் ஊடாகக் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு சதுரக் கம்பி போகிறது. கடையில் இதை ஸ்பிண்டில் என்று கேட்க வேண்டும். இப்போது விற்கும் பூட்டுகளில் பெரும்பாலும் இது 8 மி.மீ. சதுரம். கம்பியின் இரு முனைகளும் இரண்டு கைப்பிடிகளின் கழுத்தில் உள்ள சதுரக் குழிகளுக்குள் நுழைந்திருக்கும். கடைசியாக, கைப்பிடிக் கழுத்தின் அடியில் தலையே இல்லாத ஒரு சின்ன ஸ்க்ரூ. அதுதான் செட் ஸ்க்ரூ. சில கடைகளில் கிரப் ஸ்க்ரூ என்பார்கள்.

பழுது பார்க்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கைப்பிடியின் திருப்பும் விசையைக் கம்பிக்குக் கொண்டுபோவது செட் ஸ்க்ரூ அல்ல. சதுரக் குழியின் சுவர்கள்தான். கம்பி அங்குமிங்கும் நகராமல் பிடித்து வைப்பது மட்டுமே ஸ்க்ரூவின் வேலை. ஆகவே கைப்பிடி சும்மா சுற்றுகிறது என்றால் சதுரமும் சதுரமும் எங்கோ தொடர்பு இழந்துவிட்டன என்று பொருள். கம்பி ஒரு பக்கமாக நகர்ந்து மறுபக்கக் குழியை விட்டு வெளியே வந்திருக்கலாம். குழியின் மூலைகள் தேய்ந்து வட்டமாகியிருக்கலாம். பூட்டுக்குள் இருக்கும் சுழலும் பாகம் உடைந்திருக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், ஏனென்றால் முதலாவதுதான் இரண்டாவதை உண்டாக்குகிறது.

ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் இரண்டு வாரத்தில் அதே பழுது திரும்பி வருவது இதனால்தான். நகர்ந்துபோன கம்பியை நடுவுக்குக் கொண்டுவராமல் இறுக்கினால், நகர்ந்த இடத்திலேயே அதை நிலைநிறுத்தியதாக ஆகும்.

யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால்

முதலில் மறுபக்கக் கைப்பிடியை முயலுங்கள். ஒரு பக்கம் சும்மா சுற்றினால் மறுபக்கம் வேலை செய்யவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கம்பி அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்திருக்கும். வெளியே ஆள் இல்லை என்றால், நீங்கள் இருக்கும் பக்கத்துத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டை எடுங்கள். கம்பியின் முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளேயரால் பிடித்துக் கைப்பிடி திரும்பும் திசையில் திருப்புங்கள். நாக்கு உள்ளே போய்விடும். கம்பியே இல்லாமல் சதுரத் துளை காலியாகத் தெரிந்தால், பட்டை ஸ்க்ரூடிரைவரை மூலைக்கு மூலையாகச் செருகித் திருப்பலாம். 8 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் சுமார் 11 மி.மீ. என்பதால் 9 முதல் 10 மி.மீ. வரை அகலமுள்ள முனை நன்றாகக் கவ்வும். ஒரு திசையில் திரும்பவில்லை என்றால் மறுதிசையில் முயலுங்கள். சாவி போட்டுப் பூட்டியிருந்தால் இது உதவாது. அப்போது முதலில் சாவிதான் வேண்டும்.

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ தனியாகத் தூங்கும் அறையின் கைப்பிடி ஆடத் தொடங்கினால், சரிசெய்யும் வரை நாக்கு வெளியே வராதபடி அதன் மேல் அகலமான செல்லோடேப்பை இறுக்கமாக ஒட்டி வையுங்கள். கதவு சாத்தும், ஆனால் மாட்டிக்கொள்ளாது.

எடுத்து வைக்க வேண்டியவை

மில்லிமீட்டர் அளவு ஆலன் கீ செட் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்னப் பட்டை ஸ்க்ரூடிரைவர், பிளேயர், ஸ்டீல் ஸ்கேல், மார்க்கர், டார்ச். கம்பி மாற்ற வேண்டி வந்தால் ஹாக்ஸா பிளேடும் பட்டை அரமும் தேவைப்படும். கழற்றும் ஸ்க்ரூக்களைப் போட ஒரு கிண்ணத்தை அருகில் வையுங்கள். செட் ஸ்க்ரூ அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆலன் கீ அளவில் கவனம் வேண்டும். எம்5 செட் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. கீ, எம்6 ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. கீ. கதவுக் கைப்பிடிகளில் இந்த இரண்டும்தான் அதிகம். கீயைச் செருகியதும் ஆட்டமில்லாமல் கச்சிதமாக உட்கார வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் திருப்பாதீர்கள். சில கைப்பிடிகளில் அங்குல அளவு ஸ்க்ரூ இருக்கும். எட்டில் ஒரு அங்குலம் என்பது 3.2 மி.மீ. அளவுக்கு வரும். அதில் 3 மி.மீ. கீயைப் போட்டு அழுத்தித் திருப்பினால் ஆறு மூலையும் மழுங்கி, பிறகு எந்தக் கீயும் பிடிக்காமல் போகும். பழைய பித்தளைக் கைப்பிடிகள் சிலவற்றில் ஆலன் துளைக்குப் பதில் ஒற்றைக் கீறல் இருக்கும். அதற்குச் சின்னப் பட்டை ஸ்க்ரூடிரைவர் போதும். இன்னும் சிலவற்றில் ஸ்க்ரூவே இருக்காது. ஒரு கைப்பிடி கம்பியோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டு, மறுகைப்பிடியின் கழுத்தில் குறுக்கே ஒரு பின் அடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பின்னை ஒரு ஆணியின் முனையை வைத்துத் தட்டி எடுக்கலாம்.

கழற்றும் வரிசை

கதவை முழுதாகத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி அடியில் ஒரு கட்டையைச் செருகுங்கள். இந்த வேலை முடியும் வரை கதவை மூடவே கூடாது. கைப்பிடி இல்லாத கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டால் வேலை இரட்டிப்பாகும்.

டார்ச் அடித்துக் கைப்பிடிக் கழுத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செட் ஸ்க்ரூ பெரும்பாலும் அங்கேதான் தரையைப் பார்த்தபடி இருக்கும். சில மாடல்களில் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும். இரண்டு கைப்பிடியிலும் ஸ்க்ரூ இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை இடஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்துங்கள். மூன்று நான்கு சுற்று போதும், முழுதாக வெளியே எடுக்க வேண்டாம். பிறகு தகட்டின் மேலும் கீழும் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டை நேராக உங்கள் பக்கம் இழுங்கள். மறுபக்கத் தகடு கீழே விழாதபடி ஒரு கை அங்கே இருக்கட்டும். தகடு போலில்லாமல் கைப்பிடியும் வட்ட வளையமும் தனித்தனியாக இருக்கும் மாடல் என்றால், முதலில் கைப்பிடி கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வரும். பிறகு வளையத்தின் மூடியைத் திருகியோ நெம்பியோ எடுத்தால் ஸ்க்ரூக்கள் தெரியும்.

கம்பியை வெளியே இழுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அது கதவின் இரண்டு முகத்திலிருந்தும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தகட்டை எடுக்கும்போது கம்பி கொஞ்சம் அசைந்திருக்கலாம் என்பதால் மில்லிமீட்டர் சுத்தமாக இந்த அளவு வராது. ஆனாலும் கம்பி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பூட்டா, கைப்பிடியா?

கம்பி மட்டும் பூட்டுக்குள் இருக்கட்டும். பிளேயரால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கதவோரத்தில் நாக்கு முழுதாக உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது. பழுது கம்பியிலோ கைப்பிடியிலோதான். கம்பி திரும்பியும் நாக்கு அசையவில்லை என்றால் பூட்டுக்குள் சுழலும் பாகமோ அதோடு சேர்ந்த கையோ உடைந்திருக்கிறது. அதை உள்ளே திறந்து சரிசெய்ய முயல்வது நேர விரயம், ஸ்பிரிங்குகள் துள்ளி விழும். கதவோரத்துப் பட்டையில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பூட்டுப் பெட்டியை உருவி, அதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். பெட்டியின் உயரம், ஆழம், ஓரப் பட்டையிலிருந்து சதுரத் துளையின் நடு வரை உள்ள தூரம், சதுரத் துளையின் நடுவிலிருந்து சாவித் துளையின் நடு வரை உள்ள தூரம், இந்த நான்கும் பொருந்தினால் மரத்தைச் செதுக்காமல் புதியது உட்காரும்.

நாக்கு உள்ளே போகிறது, ஆனால் பலம் போட்டுத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் அதையும் இப்போதே கவனியுங்கள். கடினமாகத் திரும்பும் பூட்டுதான் கைப்பிடிக் குழியைத் தேய்க்கிறது. நாக்கின் பக்கங்களில் கொஞ்சம் கிராஃபைட் தூள் தூவிப் பலமுறை இழுத்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் வழக்கம். சில நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். பூட்டுக்குள் அதை விடாதீர்கள்.

கம்பியையும் குழியையும் பார்ப்பது

கழற்றிய தகடுகளைத் திருப்பி, பின்பக்கத்துச் சதுரக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். நல்ல குழியில் நான்கு மூலையும் கூர்மையாக, சுவர்கள் தட்டையாக இருக்கும். தேய்ந்த குழியில் வாய்ப்பகுதியின் மூலைகள் பிறை வடிவில் கரைந்து, உலோகம் புதிதாகப் பளபளக்கும். தகட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் சாம்பல் நிறத்தில் பொடி உதிரும். விலை மலிவான கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகின்றன. கம்பியோ எஃகு. இரண்டும் உரசினால் கரைவது கைப்பிடிதான். பித்தளை இதைவிடத் தாங்கும். எஃகுக் கைப்பிடியில் இந்தத் தேய்மானம் மிகக் குறைவு.

தேய்மானம் குழியின் வாயருகே சில மில்லிமீட்டர் மட்டும் இருந்து, உள்ளே ஆழத்தில் சதுரம் நன்றாக இருந்தால் கைப்பிடியைக் காப்பாற்றிவிடலாம். அளவான நீளத்தில் கம்பி போட்டால் அது உள்ளே உள்ள நல்ல பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கதவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கதவின் தடிமன் 32 மி.மீ. மெல்லிய ஸ்க்ரூடிரைவரைத் தகட்டின் பின்பக்கமாகச் சதுரக் குழியின் அடி தட்டும் வரை நுழைத்து, தகட்டின் பின்விளிம்பு அளவில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து அளந்தால் 30 மி.மீ. வருகிறது. தகடு குழிவானது என்பதால் இதில் முதல் 5 மி.மீ. வெற்றிடம், அதன் பிறகு 25 மி.மீ. தான் உண்மையான சதுரக் குழி. இரண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி. ஆக, ஒரு குழியின் அடியிலிருந்து மறுகுழியின் அடி வரை மொத்தத் தூரம் 32 + 30 + 30 = 92 மி.மீ.

ஆனால் கதவிலிருந்து வந்த கம்பி 68 மி.மீ. தான். கதவு பொருத்தியபோது நீளமாக இருந்த கம்பியைத் தேவைக்கு மேல் அறுத்திருக்கிறார்கள். அது சரியாக நடுவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. நீட்டி, 5 மி.மீ. வெற்றிடம் போக 13 மி.மீ. குழிக்குள் இருக்கும். அந்த நிலையில் கைப்பிடி வேலை செய்யும். செட் ஸ்க்ரூ தளர்ந்ததும் கம்பி வெளிப்பக்கமாக நகர்ந்து அந்தக் குழியின் அடியைத் தொட்டுவிட்டது. இப்போது உள்பக்கம் மிச்சம் 68 − 32 − 30 = 6 மி.மீ.; வெற்றிடம் போனால் குழிக்குள் இருப்பது 1 மி.மீ. மட்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் முழுப் பலமும் விழுந்து, உள்பக்கக் கைப்பிடியின் வாய் வட்டமாகிவிட்டது. வெளிப்பக்கம் நன்றாக வேலை செய்ததும், உள்ளே இருந்தவர் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

இதற்கு மருந்து புதுக் கம்பி. நீளம் 92-இல் 4 மி.மீ. குறைத்து 88 மி.மீ. அந்த 4 மி.மீ. இடைவெளி அவசியம். கம்பி முழு நீளத்துக்கு இருந்தால் தகடுகள் கதவோடு படியாது. ஸ்க்ரூவை இறுக்கினால் கைப்பிடி இறுகி மேலே திரும்பி வராமல் நின்றுவிடும். 88 மி.மீ. கம்பி ஒரு பக்கமாக முழுதாக நகர்ந்தாலும், மறுபக்கக் குழிக்குள் 21 மி.மீ. இருக்கும். அதாவது செட் ஸ்க்ரூ பின்னாளில் தளர்ந்தாலும் கைப்பிடி சும்மா சுற்றாது. கம்பியின் நீளம் சரியாக இருப்பதுதான் இந்தப் பழுதுக்கு உண்மையான காப்பு. ஸ்க்ரூ இரண்டாம் காவல்தான்.

கம்பி வாங்குவதும் அறுப்பதும்

ஹார்டுவேர் கடைக்குப் பழைய கம்பியை எடுத்துப் போங்கள். கடையில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளத்தில் கிடைக்கும். தடிமனை வெர்னியரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 7 மி.மீ. கம்பியை 8 மி.மீ. குழியில் போட்டால் முழுதாகச் சுற்றாது. ஆனால் இரு பக்கமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 18 டிகிரி வீணாக ஆடும். கைப்பிடியை முழுதாக அழுத்தியும் நாக்கு பாதிதான் உள்ளே போகும். பழைய பூட்டுப் பெட்டியின் துளை 7 மி.மீ., புதுக் கைப்பிடியின் குழி 8 மி.மீ. என்று மாறியிருந்தால், 7 மி.மீ. கம்பியின் மேல் போடும் மெல்லிய சதுர உறைகள் விற்கிறார்கள். அவற்றை இரு முனையிலும் போடலாம்.

வெட்ட வேண்டிய இடத்தை மார்க்கரால் நான்கு முகத்திலும் கோடிட்டு, கம்பியை வைஸில் பிடித்து அறுங்கள். வைஸ் இல்லாவிட்டால் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடுவது நல்லது. அறுத்த முனையின் பிசிறை அரத்தால் சுத்தமாக எடுத்து, நான்கு விளிம்பையும் லேசாகச் சாய்த்து விடுங்கள். பிசிறு இருந்தால் கம்பி குழிக்குள் பாதியில் நின்றுவிடும், முழுதாகப் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வெளிவாசல் கதவுகளில் ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் கம்பி இரண்டு துண்டாக, நடுவில் ஒரு மூட்டோடு, ஒரு பாதி திரும்பினாலும் மறுபாதி திரும்பாதபடி இருக்கும். வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடியாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த மூட்டு பூட்டின் நடுவில் உட்கார வேண்டும். அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கம்பியைப் போட்டால், வெளிக்கைப்பிடியை அழுத்தி யார் வேண்டுமானாலும் நாக்கை விலக்கலாம்.

மாட்டும் முறை

பொருத்தும் முன் இரண்டு செட் ஸ்க்ரூவையும் குழிக்குள் எட்டிப் பாருங்கள். கம்பி இல்லாத வெற்றுக் குழிக்குள் யாரோ ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால், அதன் முனை குழியின் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும். புதுக் கம்பி அதில் முட்டி நின்றுவிடும். ஸ்க்ரூ முனை குழிச் சுவருக்கு உள்ளே மறையும் வரை பின்வாங்கி வையுங்கள்.

முதலில் ஒரு கைப்பிடியில் மட்டும் கம்பியை நிலைநிறுத்துவது எளிது. வெளிப்பக்கத் தகட்டை மேசையில் குப்புற வைத்து, கம்பியைக் குழியின் அடி தட்டும் வரை செருகி, பிறகு 2 மி.மீ. பின்னே இழுத்து, செட் ஸ்க்ரூவை லேசாக இறுக்குங்கள். ஸ்க்ரூவின் முனை கம்பியின் தட்டையான முகத்தில் உட்கார வேண்டும். மூலையில் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும்; சதுரக் குழி கெடாமல் இருந்தால் முகம் தானாகவே ஸ்க்ரூவுக்கு நேராக வந்துவிடும்.

இப்போது ஸ்க்ரூவைத் தளர்த்திக் கம்பியை வெளியே எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ முனை பதிந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தழும்பு தெரியும். அந்த இடத்தில் 4 மி.மீ. டிரில் பிட்டால் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் போடுங்கள். கம்பியின் ஊடாகத் துளைத்துவிடக் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஸ்க்ரூ முனை இறங்கி உட்கார்ந்தால், ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்தாலும் கம்பி எளிதில் நகராது. தொழில் தெரிந்தவர்களில் பலரும் நேரமில்லை என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை இது, அவசியம் செய்யுங்கள். பள்ளம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போதும். இரண்டு பக்கமும் போட்டால், இடம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் தகடு கதவில் படியாமல் போகும்.

கம்பியைத் திரும்பச் செருகி, ஸ்க்ரூ முனை பள்ளத்தில் உட்காரும்படி இறுக்குங்கள். அதற்கு முன், மறை தளராமல் இருக்க நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டால் போதும். ஸ்க்ரூவின் மறையில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு விட வேண்டும். சிவப்பு நிறத்தது வேண்டாம். அதைக் கழற்ற உலோகத்தைக் கடுமையாகச் சூடாக்க வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் கைப்பிடியின் பூச்சே போய்விடும். நீலம் ஆலன் கீயின் பலத்துக்கே கழன்றுவிடும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும்.

கம்பி நிலைத்த தகட்டைக் கதவின் வெளிப்பக்கத்திலிருந்து பூட்டுக்குள் செருகுங்கள். கம்பி தடங்கலின்றிப் போக வேண்டும். முட்டினால் தட்டி நுழைக்காமல், கைப்பிடியைச் சற்றே ஆட்டிச் சதுரத்தைச் சதுரத்தோடு பொருத்துங்கள். உள்பக்கத் தகட்டை மறுமுனையில் போட்டு, தகட்டு ஸ்க்ரூக்களை நான்கு சுற்று மட்டும் பிடிக்க விடுங்கள். கைப்பிடியைச் சில தடவை அழுத்தி விடுங்கள், தகடு தானே நேராக உட்காரும். பிறகு மேலும் கீழும் மாறி மாறி இறுக்குங்கள். கைப்பிடி மேலே திரும்புவதில் சுணக்கம் தெரிந்தால், தகடு சாய்ந்திருக்கிறது அல்லது கம்பி நீளம். இறுக்குவதை நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள். மர ஸ்க்ரூ சும்மா சுற்றினால் அந்தத் துளையில் பசை தடவிய மூங்கில் குச்சியைச் செருகி, மேல்மட்டத்துக்கு நறுக்கி, பசை காய்ந்ததும் மறுபடி ஸ்க்ரூவைப் போடலாம்.

கடைசியாக உள்பக்கச் செட் ஸ்க்ரூ. ஆலன் கீயின் குட்டைக் கையை ஸ்க்ரூவில் செருகி, நீளக் கையை இரண்டு விரலால் திருப்புங்கள். முனை கம்பியைத் தொட்டு நின்றதும் அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். துத்தநாகக் கலவையில் மறை மெலிது. முழங்கைப் பலம் போட்டால் மறை போய்விடும், அதன்பின் ஸ்க்ரூ எத்தனை சுற்றினாலும் பிடிக்காது. கைப்பிடியும் வளையமும் தனித்தனியாக உள்ள மாடலில், இறுக்கும் முன் கைப்பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே மடித்த தாள் ஒன்றை வைத்து, இறுக்கிய பின் உருவிவிட்டால் உரசல் இல்லாத இடைவெளி கிடைக்கும்.

செட் ஸ்க்ரூ வர மறுத்தால்

துருப்பிடித்த ஸ்க்ரூவில் முதலில் கீயைத் திருப்பாதீர்கள். துளைக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். பாலிஷும் பெயிண்டும் அங்கே உறைந்திருப்பது வழக்கம். அதனால் கீ முழு ஆழத்துக்கு இறங்காமல் மேலே மட்டும் பிடித்து மூலைகளைக் கெடுக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கீயைச் செருகி, அதன் முதுகில் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் துளியளவு, அடுத்துத் தளர்த்தும் திசையில் என மாற்றி மாற்றி முயலுங்கள். மூலைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தால், துளையைவிடச் சற்றே பெரிய, ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட் ஒன்றைத் தட்டி இறக்கித் திருப்பலாம். அதற்கும் வராவிட்டால் டிரில் போட்டு ஸ்க்ரூவைக் கரைத்து எடுத்து, ஒரு அளவு பெரிய மறை வெட்டிப் புது ஸ்க்ரூ போட வேண்டும். கைப்பிடி விலை மலிவு என்றால் அந்த உழைப்பு அதற்குப் பெறாது. ஜோடியாகப் புதியது வாங்குங்கள்.

குழி முழுதுமே வட்டமாகிவிட்டால்

அடி வரை தேய்ந்த குழியைக் கம்பியின் நீளம் காப்பாற்றாது. கம்பியின் ஒரு முகத்தில் மெல்லிய தகரப் பட்டையைச் சேர்த்துச் செருகினால் ஆட்டம் அடங்கிச் சில வாரம் ஓடும், அவசரத்துக்குச் சரி. எபாக்சிப் பசையைக் குழியில் நிரப்பிக் கம்பியை உறைய வைப்பதும் உண்டு. அதை ஒரு கைப்பிடியில் மட்டும் செய்யலாம். இரண்டிலும் ஒட்டினால் பூட்டைக் கழற்றவே முடியாது. அதுவும் மூலையே இல்லாத குழியில் பசை மட்டும் எல்லா விசையையும் தாங்க வேண்டியிருப்பதால் நீண்ட நாள் நிற்காது. மாட்டிக்கொண்டால் ஆபத்து உள்ள அறைகளில் இந்த இரண்டையும் நம்பாதீர்கள்.

புதுக் கைப்பிடி ஜோடி வாங்கும்போது மூன்று அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்: கைப்பிடியின் நடுவிலிருந்து சாவித் துளையின் நடு வரை, தகட்டின் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், கதவின் தடிமன். சைலிண்டர் பூட்டுகளில் முதல் அளவு 85 மி.மீ. என்று அதிகம் வரும், ஆனாலும் ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். கூடவே வரும் கம்பியை அறுக்கும் முன் மேலே போட்ட கணக்கைப் போடுங்கள்.

பழுது திரும்பாமல் இருக்க

எல்லாம் மாட்டிய பிறகு, கதவு திறந்திருக்கும்போதே இருபது தடவை ஒவ்வொரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். நாக்கு ஓரப் பட்டையின் மட்டம் வரை முழுதாக உள்ளே போக வேண்டும். அதன் பிறகு, மறுபக்கம் ஒரு ஆளை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

சாத்திய கதவில் கைப்பிடி கனமாகத் திரும்புகிறது, திறந்த கதவில் லேசாகத் திரும்புகிறது என்றால், நாக்கு நிலையில் உள்ள தகட்டின் விளிம்பில் உரசுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊறிப் பருக்கும்போதும், கீல் தளர்ந்து கதவு தொங்கும்போதும் இது நடக்கும். அப்போது எல்லோரும் கைப்பிடியைப் பலமாக அழுத்தத் தொடங்குகிறார்கள். குழி தேயும் வேகம் அங்கேதான் கூடுகிறது. நாக்கின் முகத்தில் மார்க்கர் மை தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், நிலைத் தகட்டில் மை ஒட்டிய இடம் உரசும் இடத்தைக் காட்டும். முதலில் கீல் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அதிலும் சரியாகாவிட்டால் அந்த விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அரத்தால் எடுத்துவிடலாம்.

ஒரு வாரம் கழித்து இரண்டு செட் ஸ்க்ரூவிலும் ஆலன் கீயை வைத்துத் தொட்டுப் பாருங்கள். லாக்கர் போட்டது அசையாமல் நின்றால் விட்டுவிடுங்கள். லாக்கர் போடாதது சற்று இளகியிருக்கும். கால் சுற்றுக்குள் மறுபடி நின்றுவிடும். அதற்கு மேல் திரும்பினால் கம்பி நகர்ந்திருக்கிறது, தகட்டைக் கழற்றி நீளத்தை மறுபடி அளக்க வேண்டும்.